நைட்டிக்கு வந்த மொய்

திருப்பூரில் மாதச் சம்பளக்காரனுக்கு மரியாதை கிடையாது. எட்டு மெஷின் போட்டு, மூன்றே வருடத்தில் ஷட்டரை இழுத்து மூடி, பேங்க்காரனைக் கண்டால் சந்துக்குள் வண்டியைத் திருப்புகிறவன்கூட இங்கே மொதலாளிதான். தவணை தவறாமல் வீட்டுக் கடன் கட்டி, யாரிடமும் கை நீட்டாமல் குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்தால் "பாவம், வேலைக்குப் போறான்" என்பார்கள். ஊரின் இந்த நியாயம் நிர்மலாவுக்கு நன்றாகத் தெரியும். வீரபாண்டியில் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, சாம்பிள் அனுப்பி, திருத்தம் வாங்கி, சரக்கு கப்பலேறும் வரைக்கும் இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்கிற உத்தியோகம். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுத் தவணை போய்க்கொண்டிருந்தது.

மொதலாளிகளை அவள் மதித்ததில்லை. அதிலும் தன் வீட்டுக்காரனின் பெரியப்பா மகன் சசிகுமாரைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. அந்த ஆள் பனியன் கம்பெனி போட்டார், மூடினார். பிரிண்டிங் போட்டார், மூடினார். கடைசியாகப் போட்ட தையல் யூனிட்டும் படுத்து, எட்டு மெஷின்களும் வீரபாண்டி ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தன. ஆனாலும் வெள்ளைச் சட்டை கசங்காது. கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். ஒவ்வொரு முறை கவிழும்போதும் "மார்க்கெட் செரியில்லைங்க" என்பார். மார்க்கெட் இவரை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது என்பது நிர்மலாவின் கட்சி.

அதனால் தனக்கென்று ஒரு தொழில் யோசனை வந்தபோது, இந்த ஆள் செய்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

யோசனை வந்தது அவள் அம்மாவால். போன வருடம் கணியூரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் ஆளைத் தூக்க வேண்டும், தூக்கினால் கத்துவாள். கடைசியில் நிர்மலா நைட்டியின் தோளையும் பக்கத்தையும் கத்திரியால் வெட்டி, ஊக்கு குத்திச் சமாளித்தாள். அம்மா தேறி இப்போது கோலூன்றி நடக்கிறாள். வெட்டின நைட்டி மட்டும் நிர்மலாவின் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தோளிலும் பக்கத்திலும் பிரஸ் பட்டன் வைத்து, படுத்தபடியே போட்டுக் கழற்றுகிற மாதிரி பனியன் துணியில் ஒரு நைட்டி. ஊரே துணியில் மிதக்கிறது, இதைத் தைக்க ஒரு நாதி இல்லை.

மெஷின் வாங்கவில்லை, போர்டு எழுதவில்லை, கணபதி ஹோமம் செய்யவில்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். ஒரே பக்கம், பக்கத்தைத் தாண்டினால் யோசனையில் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம், வெட்டு என்று தொழில் தொடங்குவது பற்றிய ஒரு ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருக்கு இந்த நைட்டி, அவர்களுக்கு என்ன தொல்லை, இப்போது அதற்கு என்ன செய்துகொள்கிறார்கள் என்று மேலே எழுதினாள். என்ன விலை, அந்த ஆட்கள் கண்ணில் இது எங்கே படும் என்பது அதற்குக் கீழே. தொலைந்தாலும் அழாமல் இருக்கக்கூடிய தொகை என்று பத்தாயிரத்துக்கு ஒரு கோடு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இந்த வேலை. வாரக் கடைசி இரண்டு நாள் என்பதெல்லாம் பையர் நாட்டுச் சமாச்சாரம், திருப்பூரில் சனிக்கிழமையும் வேலை நாள், தையல்காரர்களுக்கு வாரச் சம்பளம் போடுகிற நாள்.

கீழ்ப்பாதிதான் முக்கியம். நான்கு ஞாயிறு முடிவதற்குள் முழு விலை கொடுத்து வாங்கினவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் இருந்தால் மேலே போகலாம். ஐந்திலிருந்து பதினொன்று வரை என்றால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி இன்னும் நான்கு ஞாயிறு. ஐந்துக்குக் கீழே என்றால் நிறுத்த வேண்டும். சொந்தம், சிநேகிதம், ஆபீஸ் ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள். எங்கே பார்த்து வந்தீர்கள் என்று வாங்குகிற ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். வாங்கின ஒரு வாரம் கழித்து போன் போட்டு, உடுத்தினார்களா, துவைத்தார்களா, என்ன குறை என்று விசாரிக்க வேண்டும். வீட்டுத் தவணை அளவுக்கு லாபம் தொடர்ந்து ஆறு மாதம் வந்த பிறகுதான் வேலையை விடுவது பற்றிப் பேச்சே.

வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி கொடுத்த உத்தரவில், எழுத்தில் அனுமதி வாங்காமல் வேறு தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. ஹெச்.ஆருக்கு மெயில் போட்டாள். குழந்தைகள் உடுப்பு இல்லை, கம்பெனித் துணியோ கம்பெனி நேரமோ கம்பெனிக்குத் துணி போடுகிறவர்களோ இல்லை என்பதால் சரி என்று பதில் வந்தது. காதர்பேட்டை பனியன் துணிச் சந்தையில் கிலோ கணக்கில் துணி எடுத்து, பக்கத்து வீதி டெய்லரிடம் பீஸ் ரேட்டுக்குப் பத்தே பத்து நைட்டி தைத்து வாங்கினாள்.

அவள் எழுதி வைத்த அந்த ஒற்றைப் பக்கத்தை அவள் வீட்டுக்காரன் பிரதீப்தான் சசிகுமாரிடம் காட்டினான். டூவீலர் ஷோரூமில் கணக்கு எழுதுகிறவன். நல்லவன். பெண்டாட்டி எழுதின காகிதம் என்று பெருமையாக நீட்டினான். சசிகுமார் அதை நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா பிரதீப்பு, இது தொழிலா, இல்ல மாத்திரைச் சீட்டா?" என்றார். "நிறுத்தறதுக்குன்னு ஒரு வரி போட்டிருக்குது பாரு. தாலி கட்டறப்பவே எப்பப் பிரியறதுன்னு எழுதுவாங்களா அம்மிணி?"

"எழுதியிருந்தா நெறையப் பேர் தப்பிச்சிருப்பாங்க மாமா" என்றாள் நிர்மலா.

அவர் சிரித்தார். கோபம் வந்தாலும் சிரிப்பார், அது மொதலாளிகளின் பழக்கம்.

முதல் ஞாயிறு, கட்டிலும் வீல்சேரும் வாடகைக்கு விடுகிற ஒரு கடையில் சொல்லி, போன் நம்பரோடு சின்ன நோட்டீஸ் ஒட்டினாள். இரண்டு பிசியோதெரபி கிளினிக்குகளிலும் ஒட்டினாள். கடை வாசலில் கையில் ஒரு நைட்டியோடு நின்று, வந்தவர்களுக்குப் பட்டனைக் கழற்றிக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் ரொம்ப நல்ல யோசனை என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டே பேர் வாங்கினார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் ஒருவர்.

அதற்கப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. தெரியாத நம்பர்கள். படம் அனுப்புங்க, சைஸ் என்ன, இந்த நம்பருக்குப் பணம் போட்டுட்டோம், பார்சல்ல போட்டு விடுங்க. பேரம் கிடையாது, துணி என்னவென்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. பத்து நைட்டியும் தீர்ந்து, பணம் வந்த பிறகே தைப்பது என்று டெய்லர் வீட்டுக்கு மூன்று தடவை ஓடினாள். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது அந்த ஒற்றைப் பக்கத்தில் எழுதியிருந்தது. முதல் மூன்று பேரைக் கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. கொட்டுகிற மழையில் எந்த மேகம் என்று யார் கேட்பார்கள். நாலாவது ஞாயிறு முடிந்தபோது இருபத்தெட்டு பேர் வாங்கியிருந்தார்கள்.

இருபத்தெட்டு. நிர்மலாவுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் பையரின் மெயிலுக்குப் பதில் எழுதும்போது, இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்தாள். மொதலாளிகளைப் பற்றி அவள் வைத்திருந்த கட்சிக்கு, தன்னைத் தவிர என்று ஒரு விதிவிலக்கு எழுதிக்கொண்டாள்.

சசிகுமார் சரியான நேரத்தில் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார், நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி.

"நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் அம்மிணி. உன்ற பக்கம் ஜெயிச்சிருச்சு. இனி இப்படி பக்கத்து ஊட்டு டெய்லரை நம்பிட்டிருந்தா ஆகாது. என்ற ஷெட்டு சும்மாதான் கெடக்குது. எட்டு மெஷினையும் அப்படியே எடுத்துக்குங்க. வெளிய குடுத்தா ஒரு வெலை, உங்களுக்கு ஒரு வெலை. நகையை வெச்சா முடிஞ்சுது."

"வேலை இருக்குதுங்களே" என்றாள்.

"இருபத்தெட்டு பேரு தேடி வந்து வாங்கறாங்க, நீ இன்னும் ஒருத்தன்கிட்ட கை கட்டி நிக்கோணுமா?"

வேலை பற்றின வரி அவள் எழுதின அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆறு மாதம். நிர்மலாவுக்கு அது ஞாபகம் வந்தது. எழுதினபோது இவ்வளவு வரும் என்று தெரியாமல் எழுதியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ராஜினாமாக் கடிதத்தைப் போனில் அடித்து வைத்தாள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஷெட்டில் சாவி வாங்குவது, திங்கள் காலை கடிதத்தை அனுப்பிவிட்டு நகையை அடகு வைப்பது என்று முடிவாயிற்று. பிரதீப் அன்றைக்கு முழுக்க ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் போன் போட வேண்டும் என்ற வரியை அவள் மறந்தே போயிருந்தாள். மறந்தாள் என்பதைவிட, ஜெயித்துவிட்ட பரீட்சைக்கு மறுபடி ஏன் படிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

சாவி வாங்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. முதல் ஞாயிறே வாங்கின செல்லத்தாய். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறாள்.

"யக்கா, கோவிச்சுக்கிறாதீக. அந்தப் பட்டன் ஆகாது. ஒருச்சாச்சுப் படுக்க வச்சா அது விலாவுல குத்துது. கெழவிக்குத் தோலே செவந்து போச்சு. நான் பட்டனைப் பிச்சுட்டு நாடா வச்சுத் தச்சிருக்கேன். இப்பத் தேவல. நீங்களே நாடா வச்சு இன்னும் மூணு தச்சுக் குடுப்பீகளா? ரெண்டு இருந்தாத்தான் தொவைக்கக் கொள்ள முடியும், ஒண்ணு கூட இருக்கட்டும்."

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. படுத்தே கிடக்கிறவளுக்குப் பட்டன் குத்தும் என்பது ஏன் தோன்றவில்லை? அவள் அதை எப்போதும் நிற்கிற ஆள் மேல்தான் போட்டுப் பார்த்திருந்தாள். அப்படியானால் மற்ற இருபத்தேழு பேருக்கும் குத்தியிருக்குமே. குத்திக்கொண்டே சும்மா இருக்கிறார்களா? மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

கட்டில் கடையில் வாங்கின மற்ற இரண்டு பேரும் பட்டனைத்தான் சொன்னார்கள். கிளினிக் நோட்டீசைப் பார்த்து மூன்றாவது வாரம் வாங்கின ஒரு அம்மாளும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் காரமாக. அடுத்து சாரதாமணி என்று ஒரு பேர், பல்லடம் பக்கம்.

"பட்டனா?" என்றாள் சாரதாமணி. "தெரியலீங்களே அம்மிணி. கவரு பிரிக்கவே இல்ல."

"ஊட்டுல படுக்கையில இருக்கறவங்களுக்கு இன்னும் போடலீங்களா?"

"சாமி, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. எங்க ஊட்டுல யாரும் படுக்கையில இல்ல. அல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். படுத்தவங்க துணின்னு சொன்னாங்களா, ஊட்டுக்குள்ள வெக்க மனசு வல்ல. மாட்டுக் கொட்டாயில எறவாணத்துல சொருகி வெச்சிருக்குது."

"அப்புறம் ஏனுங்க வாங்குனீங்க?"

"சசி நம்ம பங்காளிங்க வாட்ஸப் குரூப்புல போட்டிருந்தானாமா. பிரதீப்பு பொண்டாட்டி தொழில் ஆரம்பிச்சிருக்குது, பங்காளிங்க ஊட்டுக்கு ஒண்ணு வாங்கோணும், உங்கிட்டச் சொல்லவேண்டாம்னு. எங்க பையன் போன் கடை தொறந்தப்ப சசி வந்து ஒரு போனு வாங்குனானில்ல. இப்ப நாங்க வாங்காட்டி நல்லாயிருக்குமா? மொய் மாதிரித்தானுங்க."

நிர்மலா நன்றி சொல்லி வைத்தாள். அடுத்த பேர், அடுத்த பேர் என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். காங்கேயத்தில் ஒருத்தி நைட்டியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அவிநாசியில் ஒரு வீட்டில் தரை துடைக்கிறார்கள், தண்ணீர் நன்றாக இழுக்கிறதாம், துணி முதல் தரம் என்று பாராட்டினார்கள். ஒருத்தர், "எங்கூட்டு விசேஷம் ஆவணியில வருதுங்க, மறந்துடாதீங்க" என்றார். இருபத்தெட்டில் இருபத்துமூன்று பேர் அவள் நேரில் பழகியிராத தூரத்துப் பங்காளிகளும் பங்காளிகளின் சம்பந்திகளும். நோயாளி என்று ஒருவர்கூட அந்த இருபத்துமூன்று வீடுகளில் இல்லை.

மிச்சம் ஐந்து. நாலு பேருக்குப் பட்டன் குத்தியது. ஐந்தாவது வேல்குமார் என்று ஒருவர், அங்கேரிபாளையம்.

"நல்லாருக்குங்க மேடம். அம்மாவுக்கு ரொம்ப வசதியாயிருக்குது. ஒரு குறையும் இல்லீங்க" என்றார்.

"எங்க பாத்துட்டு வாங்குனீங்க?"

"நோட்டீஸ்ல பாத்தமுங்க."

அவர் பேருக்கு எதிரே "குறை எதுவும் இல்லை" என்று எழுதினாள். சொந்தத்தில் வேல்குமார் என்று யாரும் கிடையாது. ஆக ஐந்து. கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஐந்து என்பது ஐந்துதான். பக்கத்தின்படி ஐந்து என்றால் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்றை மாற்றலாம், பட்டனை எடுத்து நாடா வைக்கலாம், இன்னும் நான்கு ஞாயிறு பார்க்கலாம். போனில் இருந்த ராஜினாமாக் கடிதத்தை அழித்தாள். திங்கட்கிழமை காலையில் இதை அனுப்பியிருந்தால், நகை போய், வேலை போய், வீடும் பின்னாலேயே போயிருக்கும்.

சாயங்காலம் பிரதீப்பின் வண்டியில் ஷெட்டுக்குப் போனாள். வழியில் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஷெட் கழுவி விடப்பட்டிருந்தது. எட்டு மெஷினுக்கும் சந்தனப் பொட்டு, மாலை. வாசலில் புதுப் போர்டு, நிர்மலா கார்மெண்ட்ஸ் என்று சிவப்பில். அந்தப் பேரைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த பிறகும் நெஞ்சு ஒரு நொடி இனித்தது. அதற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"வா அம்மிணி, நல்ல நேரத்துக்கு வந்துட்டே" என்றார் சசிகுமார்.

"மாமா, எங்க கம்பெனிக்கு இன்ஸ்பெக்ஷன் வர்றப்ப என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நல்ல பீஸா எடுத்து மேலாப்புல அடுக்கி வெப்பாங்க. நான் தெனமும் பாக்கறது. எனக்கே அடுக்கி வெச்சுட்டீங்க."

அவர் ஒரு நொடி பிரதீப்பைப் பார்த்தார். பிரதீப் மெஷின் மாலையைப் பார்த்தான்.

"ஒதவி பண்ணுனது தப்பா? இந்த ஊர்ல எவன் ஆரம்பிச்சாலும் மொத ஆர்டரு சொந்தக்காரந்தான் குடுப்பான். அது வழக்கம்."

"ரெண்டாவது ஆர்டரு யாருங்க குடுப்பாங்க?"

மூன்று தொழில் கவிழ்ந்தபோதும் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை போலும்.

"மொய் ஒரு தடவைதான் வருமுங்க மாமா. அதுக்கப்புறம் நாமதான் திருப்பி எழுதோணும். இருபத்துமூணு ஊட்டு விசேஷத்துக்கு நான் மொய் எழுதோணும், அதுக்குமேல உங்க மெஷினையும் வாங்கோணும். ஒரு நைட்டி வித்தா எனக்கு என்ன நிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? கேட்டிருக்கீங்களா?"

"அந்த ஒரு காயிதத்தைக் கிழிச்சுப் போடு அம்மிணி. அதுல எழுதி வெச்சதுதான் உன்ன ஆட்டி வெக்குது. ஆயுசுக்கும் இன்னொருத்தன்கிட்ட சம்பளக்காரியாவே இருக்கப் போறயா?"

"ஆமாங்க. நாளைக்கு எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸு" என்றாள் நிர்மலா.

மொதலாளி இந்தத் தடவை சிரிக்கவில்லை. போர்டுக்குக் கொடுத்த பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்கும் நிலையில் முகம் இருந்தது. கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பக்கத்தை விரித்தாள். பட்டன் என்ற வார்த்தையை அடித்து நாடா என்று எழுதினாள். ஐந்து பேரின் பேரையும் வரிசையாக எழுதினாள். செல்லத்தாய் கேட்ட மூன்றையும் அடுத்த ஞாயிறே தைத்துவிடலாம் என்றாள். குரலில் கொஞ்சம் உற்சாகம்கூட இருந்தது. பிரதீப் எதிரே உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தக் குரூப்புல நீங்களும்தானே இருக்கீங்க" என்றாள் அவள், பேனாவை நிறுத்தாமல்.

"இருக்கறேன்."

"அவரு போட்டதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் புள்ள. சொல்லத்தான் நெனச்சேன். மொத ரெண்டு வாரமும் நீ அந்தக் கடை வாசல்ல நின்னுட்டு வந்து, ராத்திரி பேசாம படுத்துக்கிட்டே. அப்புறம் ஆர்டரு வந்ததும் உன்ற மூஞ்சி..." நிறுத்தினான். "அப்படி உன்னப் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

அவள் தலை நிமிரவில்லை. இதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். கோபம் இருந்தது, ஆனால் பக்கம் கையில் இருந்தது, ஐந்து பேர் இருந்தார்கள். நாளைக்குச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றான் பிரதீப். "வேல்குமாரு எங்க ஷோரூம்ல சர்வீஸ் பாக்கறவன். பணம் நாங் குடுத்தது."

அவள் பேனாவை வைத்தாள்.

ஒரு குறையும் இல்லீங்க. பதினோரு வருடமாக பையர்களோடு மாரடிக்கிறவள் அதிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கப் போகிற பையர் நூல் நூலாகக் குறை சொல்வான். சாம்பிள் பிரமாதம் என்று ஒரே வரியில் எழுதுகிறவன் அதற்கப்புறம் மெயிலே போடமாட்டான். உண்மையாக வாங்கின நாலு பேரும் பட்டன் குத்துகிறது என்று திட்டினார்கள். திட்டாத ஒருவனை அவள் சந்தோஷமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். சசிகுமாரின் இருபத்துமூன்று பேரைக் காறித் துப்பிவிட்டு, இந்த ஒருவனைப் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"அவங்கம்மா?"

"அவங்கம்மா போயி நாலு வருஷமாச்சு."

சசிகுமார் ஏமாற்றியதற்காவது ஒரு நியாயம் உண்டு, அவருக்கு மெஷின் தள்ள வேண்டும். இவன் அன்பால் செய்திருக்கிறான். பொய் ஆர்டரைக் கொடுத்து, பெண்டாட்டி சிரிக்கிறாளே என்று பாட்டு முணுமுணுத்திருக்கிறான். நகை அடகுக்குக் கிளம்பும் வரைக்கும், ராஜினாமாக் கடிதம் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும் வரைக்கும் முணுமுணுத்திருக்கிறான். நல்லவன் என்று ஊரே சொல்கிறது. இப்படிப்பட்ட நல்லவனைவிட மெஷின் விற்க வந்த அந்தக் கயவன் மேல் என்று நிர்மலாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் அழுதாள். அதை அவன் பார்க்கக் கூடாது என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

வேல்குமார் பேரை அடித்தாள். நாலு.

"நாலுக்கும் அஞ்சுக்கும் என்ன புள்ள பெரிய வித்தியாசம்?" என்றான் பிரதீப் மெதுவாக. "நீ எழுதுனதுதானே. அந்த அஞ்சை நாலுன்னு மாத்தி எழுதிக்க."

"உங்க அண்ணனும் கிழிச்சுப் போடச் சொன்னாருங்க."

அவள் அந்தப் பக்கத்தின் அடியில் நிறுத்தியாயிற்று என்று எழுதினாள். நாடா வைத்தால் அது நல்ல நைட்டி, அது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்லித்தான் இந்த ஊரில் ஷெட்டு ஷெட்டாக மெஷின் தூசி தின்கிறது.

அடுத்த ஞாயிறு செல்லத்தாய்க்கு மூன்று நைட்டியும் நாடா வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே அட்டையில் வெட்டின அளவையும் கொடுத்தாள், இனி வேண்டுமென்றால் எந்த டெய்லரிடமும் காட்டித் தைத்துக்கொள்ளலாம் என்று. வாங்க ஆள் இல்லாததால் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

"ஆள் இல்லையா?" என்றாள் செல்லத்தாய். "படுத்துக் கெடக்கவுக இல்லாத ஊரா இது? அவுகளுக்கு நீங்க இருக்கது தெரியாது, அம்புட்டுத்தான்."

தெரிய வைக்க வேண்டிய நான்கு ஞாயிற்றில் இரண்டை நிர்மலா பங்காளிகளுக்குப் பார்சல் கட்டிக் கழித்திருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நகை பெட்டியில் இருந்தது, தவணை போய்விட்டது, ஆபீசில் பையர் ஒரு சாம்பிளைத் திருப்பி அனுப்பியிருந்தான். பிரதீப் குளித்துவிட்டு வந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு சமாதானத்துக்காக நின்றான்.

"சும்மாத்தானே இருக்கே. பூண்டிக் கோயிலுக்காச்சும் போயிட்டு வரலாமா?"

"உங்க குரூப்புல போட்டுப் பாருங்க" என்றாள் நிர்மலா. "ஊட்டுக்கு ஒருத்தர் வருவாங்க."